எலைசா: எல்.பி.எஸ். குழியும் சாறு போட்ட குழியும் ஒரே மஞ்சள். நிலவேம்பு வேலை செய்யவில்லையா?

நித்திலம்
எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்ட். நிலவேம்புச் சாறு அழற்சியைக் குறைக்கிறதா என்று பார்க்கிறேன். ரா 264.7 எலி மேக்ரோஃபேஜ் செல்களுக்கு முதலில் சாறு, ஒரு மணி நேரம் கழித்து அழற்சியைத் தூண்டும் பாக்டீரியாப் பொருளான எல்.பி.எஸ். (100 நானோகிராம்/மி.லி.). 24 மணி நேரத்துக்குப் பிறகு மேலே நிற்கும் மீடியத்தை எடுத்து, அழற்சியின்போது செல் சுரக்கும் புரதமான டி.என்.எஃப். ஆல்ஃபாவை அளக்கும் எலி சாண்ட்விச் எலைசா கிட்டில் போட்டேன். சாம்பிளை நீர்க்காமல் அப்படியே போட்டேன். 450-இல் படித்து 570-ஐக் கழித்த ஓ.டி., அதாவது நிற அடர்த்தி எண்கள் கீழே. ஸ்டாண்டர்ட் எல்லாம் பிகோகிராம்/மி.லி.

```
1000    2.54
500     1.74
250     1.08
125     0.60
62.5    0.33
31.25   0.19
15.6    0.12
0       0.06
```

சாம்பிள்கள்: எதுவும் போடாத செல் 0.21, எல்.பி.எஸ். மட்டும் 3.90, எல்.பி.எஸ். + சாறு 3.74. எக்செல்லில் நேர்கோடு போட்டேன், ஆர் ஸ்கொயர் 0.96 வந்தது. அந்தக் கணக்குப்படி எல்.பி.எஸ். 1459, சாறு போட்டது 1395. வித்தியாசம் வெறும் 4 சதவீதம். கைடு "எஃபெக்ட் இல்லைன்னு எழுதிடும்மா" என்கிறார். எழுதிவிடலாமா?

சந்துபொந்து
இது ஹூக் எஃபெக்ட். புரதம் அளவுக்கு மீறி இருந்தால் எலைசாவில் ரீடிங் தலைகீழாகக் குறையும். உங்கள் எல்.பி.எஸ். சாம்பிள் கொக்கி மாதிரி வளைந்து கீழே வந்திருக்கிறது, அதனால்தான் இரண்டும் சமமாகத் தெரிகின்றன. நீர்த்துப் போடுங்கள், சரியாகிவிடும்.

ஆய்வக அண்ணாச்சி
தங்கச்சி, ஆஸ்பத்திரி லேபில் டெங்கு என்.எஸ்.1 எலைசா தினமும் போடுறவன் சொல்றேன். 3-க்கு மேல ஓ.டி. வந்தா சந்தேகமே வேண்டாம், ரெண்டுமே பாசிட்டிவ். கட்-ஆஃப் காலிபரேட்டர் கிட்டிலேயே இருக்கும், சாம்பிள் ஓ.டி.யை அதால வகுத்துப் பாருங்க. நிலவேம்பு குடிச்சவங்களுக்கும் என்.எஸ்.1 பாசிட்டிவ் வரத்தான் செய்யும், அதுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல.

நித்திலம்
அண்ணா, இது டெங்கு இல்லை. நோயாளி ரத்தமும் இல்லை, செல் கல்ச்சர். பாசிட்டிவா நெகட்டிவா என்பது எனக்கு வேண்டாம், எவ்வளவு இருக்கிறது என்பதுதான் வேண்டும்.

குழி96
நித்திலம், இப்போதைக்கு ஒன்றும் எழுதாதீர்கள். அந்த 4 சதவீதம் நிலவேம்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு சாம்பிளும் பிளேட்டின் கூரையில் முட்டி நிற்கின்றன என்பதை மட்டும்தான் சொல்கிறது.

உங்கள் மிக உயர்ந்த ஸ்டாண்டர்டே 2.54. அதற்கு மேல் கோடு எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது, எக்செல்லுக்கும் தெரியாது. 1459, 1395 இரண்டுமே எக்செல் கோட்டை வெறுங்காற்றில் நீட்டிக் கொடுத்தவை. கூடவே இன்னொன்று: ஓ.டி. 4 என்றால் உள்ளே போன வெளிச்சத்தில் 10,000-இல் 1 பங்குதான் வெளியே வருகிறது. 3.90-க்கும் 3.74-க்கும் உள்ள இடைவெளியை ரீடர் அளக்கிறதா, அல்லது தன் இரைச்சலையே படிக்கிறதா என்று சொல்வது கஷ்டம். உங்கள் ரீடர் எதுவரை நேராகப் படிக்கும் என்று அதன் மேனுவலில் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

எல்.பி.எஸ். கொடுத்த ரா செல் 24 மணி நேரத்தில் மி.லி.க்குச் சில ஆயிரம் பிகோகிராம் டி.என்.எஃப். கக்குவது சாதாரணம். 1000-இல் முடியும் கிட்டில் அதை நீர்க்காமல் போட்டால் இப்படித்தான் வரும். அதே மீடியம் ஃப்ரீசரில் இருக்கிறதா? இருந்தால் 1:20, 1:40, 1:80 மூன்றையும் போடுங்கள். நீர்ப்பதற்குக் கிட்டோடு வந்த டைல்யூவன்ட்டையே எடுங்கள், ஸ்டாண்டர்டும் அதிலேதானே கரைந்திருக்கிறது.

சந்துபொந்து, நீங்கள் சொன்ன வைத்தியம் சரி. நோய் வேறு. கொக்கி வளைவு பெரும்பாலும் சாம்பிளையும் இரண்டாவது ஆன்டிபாடியையும் ஒன்றாக ஊற்றும் ஒரே-படி சோதனைகளில் வருவது. இவர் கிட்டில் சாம்பிளை ஊற்றி, கழுவி, பிறகுதான் இரண்டாவது ஆன்டிபாடி. ஒட்டாமல் மிதக்கும் டி.என்.எஃப். கழுவும்போதே போய்விடும். கொக்கி என்றால் எல்.பி.எஸ். குழி சாறு போட்ட குழியைவிட மங்கலாகக்கூட இருந்திருக்கலாம். இங்கே இரண்டும் உச்சியில் அல்லவா நிற்கின்றன?

சந்துபொந்து
கழுவும் படி இருந்தாலும் ஹூக் வரும் என்று படித்திருக்கிறேன். முழுக்க இல்லை என்று சொல்லிவிட முடியாது.

குழி96
முழுக்க இல்லை என்று நானும் சொல்லவில்லை. அளவு மிகமிக ஏறினால் வரலாம். இந்தப் பிளேட்டில் அது வந்ததற்கு அடையாளம் இல்லை, அவ்வளவுதான்.

வழிப்போக்கன்
நான் காமர்ஸ். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். மஞ்சள் எப்படி ஒரு புரதத்தின் அளவைச் சொல்லும்? டி.என்.எஃப். மஞ்சளா?

குழி96
நல்ல கேள்வி. டி.என்.எஃப்.புக்கு நிறமே கிடையாது. நிறம் வருவது கடைசியில் நாம் ஊற்றும் டி.எம்.பி. என்ற திரவத்திலிருந்து.

பிளாஸ்டிக் குழியின் அடியில் டி.என்.எஃப்.பை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை முதலிலேயே ஒட்டிவைப்பார்கள். மிச்சமுள்ள வெற்றிடத்தை ஆல்புமின் போன்ற சம்பந்தமில்லாத ஒரு புரதத்தால் மூடிவிடுவார்கள், இல்லையென்றால் எல்லாமே பிளாஸ்டிக்கில் ஒட்டும். பிறகு சாம்பிள். 2 மணி நேரத்தில் டி.என்.எஃப். போய் ஆன்டிபாடியில் உட்கார்ந்துகொள்ளும், மற்றதைக் கழுவிக் கொட்டிவிடுவோம். அடுத்து, டி.என்.எஃப்.பின் வேறொரு இடத்தைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி. அதன் வாலில் பயோட்டின் இருக்கும். அந்தப் பயோட்டினை ஸ்ட்ரெப்டவிடின் கவ்விக்கொள்ளும், ஸ்ட்ரெப்டவிடினோடு எச்.ஆர்.பி. என்ற என்சைம் கட்டப்பட்டிருக்கும். முள்ளங்கி இனத்துக் கிழங்கு ஒன்றிலிருந்து எடுக்கும் பெராக்சிடேஸ் அது.

ஆக, குழியில் டி.என்.எஃப். எவ்வளவு உட்கார்ந்ததோ அதற்கு ஏற்றபடி என்சைம் உட்கார்ந்திருக்கும். டி.எம்.பி.யும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த திரவத்தை ஊற்றியதும் ஒவ்வொரு என்சைமும் ஓயாமல் டி.எம்.பி.யை நீலமாக்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கே தெரியாத பிகோகிராம் கணக்கு நிறமாகப் பெருகுவது இந்த இடத்தில்தான். 15, 20 நிமிடத்தில் சல்ஃப்யூரிக் ஆசிட் ஊற்றினால் என்சைம் நின்றுவிடும், நீலம் பளிச்சென்று மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளைத்தான் 450 நானோமீட்டரில் படிக்கிறோம். பிளாஸ்டிக்கில் கீறல், விரல் ரேகை இருந்தால் அது 570-இலும் தெரியும் என்பதால் அதைக் கழிக்கிறோம்.

நித்திலத்தின் சிக்கல் இதுதான்: அடியில் உள்ள ஆன்டிபாடி 40 சீட் பஸ் மாதிரி. ஸ்டாப்பில் 470 பேர் நின்றாலும் 800 பேர் நின்றாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினால் ஒரே கணக்குதான் வரும்.

வழிப்போக்கன்
சரி, மஞ்சளின் அடர்த்தி தெரிந்தது. அது எத்தனை பிகோகிராம் என்று யார் சொல்வது?

கணக்குப்பிள்ளை
அதற்குத்தான் அந்த எட்டு ஸ்டாண்டர்டும். அளவு தெரிந்த டி.என்.எஃப்.பை அதே பிளேட்டில், அதே நேரத்தில், அதே திரவங்களோடு ஓட்டி, எந்த அளவுக்கு எந்த ஓ.டி. என்று ஒரு கோடு வரைகிறோம். நேற்றைய கோடு இன்றைக்கு ஆகாது. அறைச்சூடு, ஆசிட் ஊற்றிய நேரம் என்று எல்லாம் மாறியிருக்கும்.

நித்திலம், கோட்டுக்கு வருகிறேன். ஆர் ஸ்கொயர் 0.96 என்றதும் நிம்மதியாகிவிட்டீர்கள். அதே கோட்டில் உங்கள் ஸ்டாண்டர்டையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் எண்களை வைத்துப் போட்டேன்: ஓ.டி. = 0.2039 + 0.002534 × அளவு. இதில் 250 போட்ட குழி 346 என்று வருகிறது. 125 போட்டது 156. 31.25 போட்டது மைனஸ் 5. 15.6 போட்டது மைனஸ் 33! குழியில் மைனஸ் 33 பிகோகிராம் புரதம் இருக்குமா? பெரிய எண்கள் இழுக்கிற பக்கம் கோடு போகும், ஆர் ஸ்கொயரும் அந்தப் பெரிய எண்களைப் பார்த்தே மயங்கும். அடியில் நடப்பது அதற்குத் தெரியாது.

இந்த வளைவு எஸ் வடிவம். நாலு பாராமீட்டர் ஃபிட் போடுங்கள்:

```
y = d + (a - d) / (1 + (x/c)^b)
x = c * ((a - d)/(y - d) - 1)^(1/b)
```

a என்பது டி.என்.எஃப். இல்லாதபோது வரும் ஓ.டி., d என்பது கூரை, c பாதி வழியில் உள்ள அளவு, b சரிவு. எக்செல் சால்வரிலேயே செய்யலாம். உங்கள் எண்களுக்கு எனக்குக் கிடைத்தது a = 0.062, b = 1.1, c = 700, d = 4.2. இதில் ஸ்டாண்டர்டைத் திருப்பிப் போட்டால் எல்லாம் தன் அளவுக்கு 10 சதவீதத்துக்குள் வருகிறது. நான் ஃபிட்டை நம்புவது இந்தத் திருப்பிப் போடும் கணக்கைப் பார்த்துத்தான்.

ஒரு எச்சரிக்கை: d = 4.2 என்பது ஊகம். உங்கள் ஸ்டாண்டர்ட் 2.54-இல் நின்றுவிட்டது, கூரையை அது தொடவே இல்லை. அதனால் இந்தச் சமன்பாடு கையில் இருக்கிறதே என்று 3.90-ஐ அதில் போட்டு விடை எடுத்துவிடாதீர்கள்.

நித்திலம்
ஃப்ரீசரில் மீடியம் இருந்தது. இரண்டு நாள் கழித்து வருகிறேன்.

ஆய்வக அண்ணாச்சி
சரி, செல் கல்ச்சர்னு இப்பத்தான் புரிஞ்சுது. ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன், உதவும். எங்க லேபில ஒருநாள் பிளேட் முழுக்க வெள்ளை. பாசிட்டிவ் கண்ட்ரோலும் வெள்ளை. கிட் காலாவதியான்னு பார்த்தோம், இல்ல. கடைசியில பார்த்தா யாரோ வாஷ் பஃபர் கெட்டுப்போகாம இருக்க சோடியம் அசைடு போட்டு வச்சிருக்காங்க. அசைடு எச்.ஆர்.பி.யைக் கொன்னுடும். நீங்க கலக்குற பாட்டில் எதுலயும் அசைடு இல்லையான்னு லேபிளைப் பாருங்க. பாசிட்டிவ் கண்ட்ரோல் போடாம இருந்திருந்தா அன்னைக்கு வந்த அத்தனை பேருக்கும் நெகட்டிவ்னு ரிப்போர்ட் போயிருக்கும்.

குழி96
அண்ணாச்சி சொல்வது தங்கம். இதற்கு நேரெதிர், பிளேட் முழுக்க நீலம், பூஜ்ய ஸ்டாண்டர்ட் உட்பட. அப்படி வந்தால் முதலில் கழுவியது போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். கழுவியதும் பிளேட்டைக் கவிழ்த்து டிஷ்யூவில் தட்டுங்கள், குழியில் சொட்டு நிற்கக் கூடாது. நித்திலத்தின் பூஜ்யம் 0.06 என்பதால் அவர் கை சுத்தம்.

நித்திலம்
வந்துவிட்டேன். புதிய பிளேட், ஸ்டாண்டர்ட் திரும்பவும் ஓட்டினேன், வளைவு கிட்டத்தட்ட பழையது மாதிரியே வந்தது (அந்தப் பாராமீட்டர்களே பொருந்துகின்றன).

```
LPS 1:20    1.49
LPS 1:40    0.91
LPS 1:80    0.50
LPS + சாறு 1:20    1.03
LPS + சாறு 1:40    0.56
```

1:40 எல்.பி.எஸ்.ஸைக் கையால் போட்டுப் பார்த்தேன். (0.062 − 4.2) ஐ (0.91 − 4.2) ஆல் வகுத்தால் 1.258. அதில் 1 போனால் 0.258. அதன் 1/1.1 அடுக்கு 0.292. 700-ஆல் பெருக்க 204. நீர்த்தது 40 மடங்கு, ஆக 8160. மற்றவை 1:20-இல் 7820, 1:80-இல் 8050. சாறு போட்டது 4760, 4590.

அதாவது 8000-லிருந்து 4700-க்கு இறங்கியிருக்கிறது, 40 சதவீதத்துக்கும் சற்று மேல்! கைடு இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

சந்துபொந்து
பார்த்தீர்களா, நீர்த்ததும் சரியாகிவிட்டது.

குழி96
இதில் எனக்குப் பிடித்தது 8000 அல்ல, 7820, 8160, 8050 மூன்றும் அருகருகே நிற்பது. மீடியத்தில் ஏதாவது ஆன்டிபாடியைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தால் நீர்க்க நீர்க்கத் தொந்தரவு குறையும், பெருக்கிப் பார்த்த விடை ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போகும். இங்கே அப்படி நகரவில்லை. சாறு போட்டதற்கு 1:80 ஏன் போடவில்லை?

நித்திலம்
அன்றைக்கு எடுத்த ஸ்ட்ரிப் எல்லாம் நிறைந்துவிட்டது. கிட்டில் இனி ஒரே ஒரு ஸ்ட்ரிப், 8 குழிதான் மிச்சம்.

மூலிகைத்தோட்டம்
சாறு பச்சை கலந்த பழுப்பு நிறமாயிற்றே. 450-இல் அதுவும் வெளிச்சத்தை உறிஞ்சும். அந்த நிறத்தைக் கழிக்காமல் எப்படி ஒப்பிடுவது?

குழி96
நிறம் இங்கே கணக்கில் வராது. சாறு சாம்பிளோடு உள்ளே போகிறது, டி.எம்.பி. ஊற்றுவதற்குள் மூன்று இடத்தில் கழுவியாகிவிட்டது. செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்.டி.டி. மாதிரிக் கழுவாத சோதனை என்றால் உங்கள் கவலை நியாயம்.

எம்.டி.டி. என்றதும்தான் பெரிய கேள்வி வருகிறது. நித்திலம், அந்தச் சாற்று அளவில் செல்கள் உயிரோடு இருந்தனவா? 40 சதவீதம் செல் செத்தாலும் டி.என்.எஃப். 40 சதவீதம் குறையும். எலைசா பிளேட்டில் எத்தனை கண்ட்ரோல் போட்டாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பிளேட்டுக்குள் இருக்கும் கண்ட்ரோல், சோதனை ஒழுங்காக ஓடியதா என்று மட்டும் சொல்லும்.

நித்திலம்
எம்.டி.டி. போட்டிருக்கிறேன் அக்கா. அந்த அளவில் 93 சதவீதம் உயிரோடு. ஆனால் அது சாறு மட்டும் கொடுத்த செல்களில். எல்.பி.எஸ்.ஸும் சேர்த்துப் போடவில்லை.

குழி96
சேர்த்துப் போடுங்கள். எக்ஸாமினர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். எம்.டி.டி.யிலும் அதே சாற்றைச் செல் இல்லாத குழியில் ஒன்று வையுங்கள், மூலிகைத்தோட்டம் கேட்ட கேள்வி அங்கே பொருந்தும்.

கணக்குப்பிள்ளை
நானும் ஒரு முட்டுக்கட்டை போடுகிறேன். எல்.பி.எஸ். மீடியம் எத்தனை ஃபிளாஸ்கிலிருந்து?

நித்திலம்
ஒரே பிளேட்டில் வளர்த்த செல், ஒரே நாள். ஒவ்வொரு மீடியத்தையும் எலைசாவில் மூன்று குழியில் போட்டுச் சராசரி எடுத்தேன். மூன்று முறை செய்ததாக n = 3 என்று எழுதலாம்தானே?

கணக்குப்பிள்ளை
கூடாது. ஒரே மீடியத்தை மூன்று குழியில் போட்டால் உங்கள் பைப்பெட் கை எவ்வளவு நிதானம் என்று தெரியும். நிலவேம்பு நாளைக்கும் இதையே செய்யுமா என்று தெரியாது. வேறு வேறு நாளில் வளர்த்த செல்லில் மூன்று முறை செய்தால்தான் அது 3. இப்போதைக்கு n = 1. ஸ்டார் போட்டு பி வேல்யூ எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

மஞ்சள்வெயில்
கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். எம்.எஸ்சி. புராஜெக்ட், நான்கு மாதம், ஒரு கிட் விலை ஹாஸ்டல் ஃபீஸ் அளவு. எங்கள் டிபார்ட்மெண்டில் எல்லோரும் மூன்று குழிக்கு எரர் பார் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

கணக்குப்பிள்ளை
எரர் பார் போடட்டும். அது எந்த மூன்று என்று படத்துக்கு அடியில் எழுதட்டும். அதற்குப் பணம் ஆகாது.

நித்திலம்
இன்னொரு சந்தேகம். எதுவும் போடாத செல் 0.21. நேர்கோட்டில் 2.4 வந்தது, நாலு பாராமீட்டரில் 35 வருகிறது. உண்மையிலேயே சும்மா இருக்கும் செல்லும் 35 சுரக்கிறதா?

குழி96
இருக்கலாம், ரா செல்கள் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கசியவிடும். ஆனால் அந்தச் சாம்பிள் மட்டும் நீர்க்காமல் போனது. 10 சதவீத சீரம் உள்ள மீடியம் அப்படியே குழியில் இருந்திருக்கிறது, ஸ்டாண்டர்டோ டைல்யூவன்ட்டில். சீரமே கொஞ்சம் ஓ.டி. ஏற்றியிருக்கலாம். செல்லே இல்லாத வெறும் மீடியத்தை ஒரு குழியில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். போட்டீர்களா?

நித்திலம்
இல்லை.

சந்துபொந்து
பூஜ்ய ஸ்டாண்டர்டின் 0.06-ஐ எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிட்டால் போதாதா?

கணக்குப்பிள்ளை
நாலு பாராமீட்டரில் a அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஸ்டாண்டர்ட், சாம்பிள் இரண்டிலும் ஒரே மாதிரிக் கழித்தால் விடை மாறாது. ஒன்றில் கழித்து இன்னொன்றில் விட்டால்தான் கெடும். சீரம் ஏற்றிய ஓ.டி. பூஜ்ய ஸ்டாண்டர்டில் இல்லவே இல்லை, அதைக் கழித்து இதைப் போக்க முடியாது.

குழி96
மிச்சமுள்ள 8 குழிக்கு என் யோசனை. வெறும் மீடியம் நீர்க்காமல் 2. எதுவும் போடாத செல் 2. சாறு கலந்த வெறும் மீடியத்தை 1:40 நீர்த்து, அதில் 250 பிகோகிராம் ஸ்டாண்டர்ட் சேர்த்து 2. இது 200-க்கும் 300-க்கும் இடையில் படித்தால் சாறு சோதனையைக் கெடுக்கவில்லை என்று எழுதலாம். 500, 62.5 ஸ்டாண்டர்ட் ஒவ்வொன்று, பழைய வளைவில் உட்காருகின்றனவா என்று பார்க்க.

கணக்குப்பிள்ளை
இரண்டு ஸ்டாண்டர்டை வைத்துக்கொண்டு போன வார வளைவைக் கடன் வாங்குவதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குழி96
பேப்பருக்கு என்றால் நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது சந்தேகம் தீர. வெறும் மீடியமும் சும்மா இருந்த செல்லும் ஒரே ஸ்ட்ரிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அதை ஒப்பிட வளைவே வேண்டாம். ஸ்டாண்டர்ட் சேர்த்த ஸ்பைக் குழிகளுக்குத்தான் வளைவு வேண்டும், 500, 62.5 இரண்டும் தள்ளிப்போனால் அந்த எண்களைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

நித்திலம்
ஃப்ரீசர் மீடியம் ஏற்கெனவே ஒருமுறை உருகி உறைந்தது. திரும்ப உருக்கினால் டி.என்.எஃப். குறைந்துவிடாதா?

குழி96
குறைய வாய்ப்பு உண்டு. சும்மா இருந்த செல் மீடியத்தைச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்திருக்கிறீர்களா, ஒரே குழாயா?

நித்திலம்
ஒரே குழாய்.

குழி96
அப்படியானால் அந்த 2 குழிக்குப் பழைய மீடியம் வேண்டாம். எம்.டி.டி.க்கு எப்படியும் செல் போடப்போகிறீர்கள். அந்தப் பிளேட்டில், எம்.டி.டி. ஊற்றுவதற்கு முன்னால், எதுவும் போடாத குழிகளின் மீடியத்தை எடுத்து அன்றைக்கே போடுங்கள். எல்.பி.எஸ்., எல்.பி.எஸ். + சாறு குழிகளின் மீடியத்தையும் எடுத்து, இந்தத் தடவை சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். அடுத்த கிட் கிடைத்தால் கணக்குப்பிள்ளை கேட்கும் இரண்டாவது முறை அதுதான்.